புள்ளியா, தூசியா? ஸ்கேன் பக்கங்களைத் துடைக்கும் டீநாய்சிங் ஆட்டோஎன்கோடர்

பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து சேர்ப்பவர்கள் நடுவில் ஒரு பேச்சு அடிக்கடி காதில் விழும்: "மங்கிப்போன பக்கமா? ஏஐ-யில் போடுங்கள், அழிந்த எழுத்தெல்லாம் திரும்ப வந்துவிடும்." பக்கம் சுத்தமாகிறது என்பது உண்மைதான். அழிந்தது திரும்ப வருகிறது என்பதில்தான் சிக்கல். பக்கத்தைத் துடைக்கும் இந்த நிரல்களில் பலவற்றுக்குள் இருப்பது டீநாய்சிங் ஆட்டோஎன்கோடர், அல்லது அதன் வழி வந்த ஏதோ ஒன்று. அது எதையும் மீட்பதில்லை, ஊகிக்கிறது. எந்த மாதிரி அழுக்கைக் காட்டி அதைப் பழக்கினார்கள் என்பதைப் பொறுத்து அந்த ஊகம் மாறும். புள்ளி ஒன்றே எழுத்தை மாற்றிவிடும் தமிழில் இது சின்ன விஷயமில்லை.

## பக்கம் என்பது எண்களின் கட்டம்

ஸ்கேனர் ஒரு தாளை ஏராளமான சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு வெளிச்சம் என்று ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அந்தக் கட்டம்தான் பிக்சல். கணக்கு எளிதாக இருக்க, கரிய மைக்கு 0, வெள்ளைத் தாளுக்கு 1, இடைப்பட்ட சாம்பலுக்கு இடைப்பட்ட எண் என்று வைத்துக்கொள்வோம். ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் என்ற அளவில், அதாவது 300 டிபிஐ-யில், ஒரு ஏ4 தாள் 2480-க்கு 3508 பிக்சல். மொத்தம் சுமார் 87 லட்சம் எண்கள்.

இதே அளவில் 10 பாயின்ட் எழுத்து ஒன்று ஏறத்தாழ 42 பிக்சல் உயரம் பிடிக்கும். அதன் தலைமேல் உட்காரும் மெய்ப்புள்ளி, எழுத்துருவைப் பொறுத்து, நாலைந்து பிக்சல் அகலம்தான். 150 டிபிஐ-யில் ஸ்கேன் செய்திருந்தால் அதிலும் பாதி, இரண்டோ மூன்றோ பிக்சல். இந்த அளவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுக்க இது வரும்.

அச்சடித்தவர் வைக்காத எதெல்லாம் படத்தில் இருக்கிறதோ, அதை இரைச்சல் என்போம். தாளின் மஞ்சள், பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிவது, புத்தகத்தின் முதுகுப் பக்கம் விழும் நிழல், தூசி, ஸ்கேனரின் மணல் போன்ற பொடி, ஜேபெக் சுருக்கம் எழுத்தோரத்தில் விடும் கறை எல்லாம் இதில் அடங்கும்.

## பழைய வழிகள் எங்கே தடுக்கின்றன

உதாரணங்களைப் பார்த்துத் தானே பழகிக்கொள்ளும் நிரலான நியூரல் நெட்வொர்க் இதற்கெல்லாம் தேவையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தாள் சீராக மஞ்சளாகி, மை நல்ல கறுப்பாக இருந்தால் தேவையில்லை. ஒரு வெளிச்ச அளவை எல்லையாக வைத்து, அதற்குக் கீழே இருப்பதைக் கறுப்பாகவும் மேலே இருப்பதை வெள்ளையாகவும் மாற்றினால் போதும். அந்த எல்லையைத் தானாகக் கண்டுபிடிக்க ஓட்சு என்ற ஆய்வாளர் 1979-இல் சொன்ன வழி இன்றும் பல நிரல்களில் இருக்கிறது. சில நொடிகளில் வேலை முடியும்.

தூசி வந்தால்தான் தகராறு. தூசியை நீக்க வழக்கமாகப் பயன்படுத்துவது இடைநிலை வடிகட்டி. ஒவ்வொரு பிக்சலையும் சுற்றி 5-க்கு 5 சதுரம் போட்டு, அதிலுள்ள 25 எண்களையும் வரிசைப்படுத்தி, நடுவில் நிற்கும் எண்ணை அந்த இடத்தில் வைக்கும். 3-க்கு 3 அளவுள்ள தூசி அந்தச் சதுரத்தில் அதிகபட்சம் 9 பிக்சலைத்தான் கறுப்பாக்க முடியும். மீதி 16 வெள்ளை. நடுவில் நிற்பது வெள்ளை. தூசி சுத்தமாகப் போய்விடும்.

150 டிபிஐ-யில் நம் மெய்ப்புள்ளியும் அதே 3-க்கு 3 தான். அதுவும் போய்விடும். "பல் வலி" என்று அச்சிட்டிருந்தது "பல வலி" ஆகிவிடும். இரண்டும் சரியான தமிழ் என்பதால் பிழைதிருத்துபவர் கண்ணிலும் படாது. வடிகட்டிக்குத் தெரிவது அளவு மட்டும். எழுத்தின் தலைமேல் நிற்பது புள்ளி, வரிகளுக்கு நடுவே கிடப்பது தூசி என்று இடத்தை வைத்துப் பிரித்துப் பார்க்க அதற்கு வழியில்லை. அப்படிப் பார்க்கும் ஒன்று வேண்டும் என்பதால்தான் நியூரல் நெட்வொர்க் பக்கம் போகிறோம்.

## விடையைத் தெரிந்துகொண்டே அழிப்பது

எழுதப் படிக்கப் பழகும் ஒரு குழந்தைக்கு ஆசிரியை பயிற்சி கொடுக்கிறார். பலகையில் ஒரு சொல்லை எழுதுகிறார், கையால் லேசாகத் தேய்க்கிறார், அங்கங்கே சாக்பீஸால் வேண்டாத கோடும் புள்ளியும் போடுகிறார். அப்புறம்தான் குழந்தையைக் கூப்பிட்டு, "இங்கே என்ன எழுதியிருந்தேன்? சுத்தமாக எழுது" என்கிறார். தேய்த்தவர் அவரே என்பதால் விடை அவரிடம் இருக்கிறது. குழந்தை எழுதியது சரியா என்று உடனே பார்த்துச் சொல்ல முடியும். ஒவ்வொரு முறையும் வேறு சொல், வேறு மாதிரித் தேய்ப்பு. கொஞ்ச நாளில் குழந்தை, தேய்ந்த எழுத்தைத் தேய்ப்பிலிருந்து பிரித்துப் பார்க்கப் பழகிவிடும்.

டீநாய்சிங் ஆட்டோஎன்கோடரின் பயிற்சி இதேதான். 1950-இல் அச்சான ஒரு பக்கத்தின் அழுக்கு ஸ்கேன் நம்மிடம் இருக்கும். அழுக்குப் படிவதற்கு முன் அதே பக்கம் எப்படி இருந்தது என்ற படம் யாரிடமும் இருக்காது. விடைத்தாள் இல்லாமல் திருத்த முடியாது. அதனால் வழியைத் தலைகீழாக்குகிறோம். சுத்தமான பக்கத்தை முதலில் எடுத்துக்கொண்டு, நிரலே அதன்மேல் அழுக்கைப் போடுகிறது. இப்படிக் கணினியே உண்டாக்கும் அழுக்குக்குச் செயற்கை இரைச்சல் என்று பெயர். நெட்வொர்க்கின் உள்ளே போவது அழுக்கான படம், வெளியே வர வேண்டியது நாம் ஏற்கெனவே வைத்திருக்கும் சுத்தமான படம்.

## உள்ளே என்ன நடக்கிறது

முதலில் வெறும் ஆட்டோஎன்கோடர். இது இரண்டு பாகங்கள் கொண்ட நியூரல் நெட்வொர்க். முதல் பாகமான என்கோடர் படத்தைப் படிப்படியாகச் சிறிதாக்கி, அதில் என்ன இருக்கிறது என்ற குறிப்புகளாக மாற்றுகிறது. இரண்டாவது பாகமான டீகோடர் அந்தக் குறிப்புகளிலிருந்து முழுப் படத்தைத் திரும்ப வரைகிறது. உள்ளே போன படமே வெளியே வர வேண்டும் என்பதுதான் இதற்குக் கொடுக்கும் வேலை.

டீநாய்சிங் ஆட்டோஎன்கோடரில் மாறுவது ஒன்றே ஒன்று. உள்ளே போவது அழுக்கான படம், வெளியே கேட்பது சுத்தமான படம். 2008-இல் வின்சென்ட், லாரோஷெல், பெஞ்சியோ, மன்சகோல் ஆகிய நால்வர் இந்த யோசனையைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், படத்தைச் சுத்தம் செய்வது அவர்களுடைய நோக்கமே இல்லை. கெடுத்த படத்தைச் சரிசெய்யப் பழகும் நெட்வொர்க், படத்தின் உள்ளமைப்பைப் பற்றிய நல்ல குறிப்புகளைக் கற்றுக்கொள்ளும், அந்தக் குறிப்புகளை வேறு வேலைகளுக்குப் பயன்படுத்தலாம் என்பதுதான் அவர்கள் சொன்னது. நாம் தூக்கிப் பிடிப்பது அவர்கள் வழியில் கிடைத்த உபபொருளை.

இங்கே பரவலாக ஒரு தவறான விளக்கம் உலவுகிறது. "நெட்வொர்க்கின் நடுப்பகுதி குறுகலாக இருக்கிறது, அந்தக் குறுகலில் இரைச்சல் நுழைய முடியாமல் வெளியே நின்றுவிடுகிறது" என்பார்கள். பாதி உண்மை. குறுகல் உதவும்; ஆனால் அது மட்டும் செய்தால் இரைச்சலோடு எழுத்தின் கூர்மையும் போய்விடும். அதனால்தான் நடைமுறையில் பலர் என்கோடரின் முன்படிகளிலிருந்து டீகோடருக்கு நேர்வழி வைக்கிறார்கள். 2015-இல் மருத்துவப் படங்களுக்காக வந்த யூ-நெட் என்ற அமைப்பால் இது பிரபலமானது. நேர்வழி வைத்தபின் குறுகல் பேருக்குத்தான். இருந்தும் சுத்தம் நடக்கிறது. காரணம், உள்ளே வந்ததை அப்படியே நகல் எடுத்து வெளியே அனுப்பினால் விடை தப்பாகிவிடும் என்பதுதான். நகல் எடுத்துத் தப்பிக்க முடியாததால் எது மை, எது அழுக்கு என்று பார்க்க வேண்டிய கட்டாயம் வருகிறது.

அப்படியானால் படத்தைச் சிறிதாக்குவது எதற்கு? தூரப் பார்வைக்கு. நெட்வொர்க்கின் ஒவ்வோர் அடுக்கும் 3-க்கு 3 பிக்சல் சதுரத்தை மட்டுமே பார்க்கிறது. மூன்று அடுக்கு போட்டாலும் 7 பிக்சல் அகலம்தான் கண்ணுக்குத் தெரியும். அதற்குள் ஒரு மெய்ப்புள்ளி அடங்கும், அதன் கீழே எழுத்து இருக்கிறதா என்று தெரியாது. நடுநடுவே படத்தைப் பாதியாக்கினால் ஒவ்வொரு சதுரமும் மூலப் படத்தில் இருமடங்கு இடத்தைப் பார்க்கும். ஏழு அடுக்குகளில் மூன்று முறை பாதியாக்கினால் பார்வை அகலம் 45 பிக்சல் ஆகிறது. 300 டிபிஐ-யில் ஏறத்தாழ ஒரு முழு எழுத்து. இப்போதுதான் "எழுத்தின் தலைமேல் நிற்பது" என்ற செய்தி நெட்வொர்க்குக்குக் கிடைக்கிறது.

பயிற்சி என்பது திருத்துவதுதான். நெட்வொர்க் தந்த படத்துக்கும் சுத்தமான படத்துக்கும் ஒவ்வொரு பிக்சலிலும் உள்ள வேறுபாட்டை எடுத்து, அதை வர்க்கமாக்கி, எல்லாவற்றுக்கும் சராசரி காண்கிறோம். இந்த எண்ணின் பெயர் இழப்பு. இழப்பு குறையும் திசையில் நெட்வொர்க்கின் உள் எண்களைத் துளித்துளியாக நகர்த்துகிறோம். பல ஆயிரம் தடவை.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சுத்தமான பக்கத்தை நாமே அழுக்காக்கி, அழுக்கை உள்ளே கொடுத்து, சுத்தத்தை வெளியே கேட்கிறோம். படத்தைச் சிறிதாக்குவது சுற்றுப்புறத்தைப் பார்ப்பதற்கு. எப்படிச் சுத்தம் செய்வது என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை. இழப்பைக் குறைக்கும் போக்கில் அது தானாக அமைகிறது.

## அழுக்கைச் சமைப்பது

சரி, சுத்தமான பக்கத்துக்கு எங்கே போவது? தமிழுக்கு எளிய வழி, யூனிகோட் உரையை எடுத்து, பல எழுத்துருக்களில், பல அளவுகளில் படமாக்குவது. அதை 256-க்கு 256 பிக்சல் துண்டுகளாக வெட்டிக்கொள்ளலாம். முழுப் பக்கத்தை ஒரே தடவையில் கொடுத்தால் நினைவகம் தாங்காது.

அழுக்கைப் போடும்போது வரிசை முக்கியம். உண்மையான தாளில் எது முதலில் நடந்ததோ, நிரலிலும் அது முதலில் வர வேண்டும். முதலில் அச்சகத்தில் மை பரவியது, பின்பக்க எழுத்து ஊடுருவியது. பல வருஷம் கழித்துத் தூசி விழுந்தது. ஸ்கேன் செய்யும்போது நிழல் விழுந்தது, கடைசியாகக் கருவியின் பொடி சேர்ந்தது.

```python
import cv2, numpy as np

def dirty(clean, back, rng):      # 0 = மை, 1 = தாள்; float32
    h, w = clean.shape
    img = cv2.GaussianBlur(clean, (0, 0), rng.uniform(0.4, 1.0))
    bleed = cv2.GaussianBlur(cv2.flip(back, 1), (0, 0), 2.0)
    img = img * (1 - rng.uniform(0, 0.3) * (1 - bleed))
    k = int(rng.integers(1, 6))   # தூசியின் அகலம் 1 முதல் 5
    dust = (rng.random((h, w)) < 0.0003).astype(np.uint8)
    dust = cv2.dilate(dust, np.ones((k, k), np.uint8))
    img = img * (1 - 0.9 * dust)
    img = img * np.linspace(1.0, rng.uniform(0.6, 1.0), w)
    img = img + rng.normal(0, rng.uniform(0.02, 0.08), (h, w))
    return np.clip(img, 0, 1).astype(np.float32)
```

பின்பக்கத்துக்கு இன்னொரு துண்டை இடம் வலமாகத் திருப்பி, மங்கலாக்கிப் பயன்படுத்துகிறோம். தாளின் மறுபுறத்தை இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் எழுத்து கண்ணாடியில் தெரிவதுபோல்தான் தெரியும். கறையும் நிழலும் பெருக்கலாக வருகின்றன. ஏனென்றால் அவை இருக்கிற வெளிச்சத்தில் ஒரு பங்கைத் தின்கின்றன. கருவியின் பொடி மட்டும் கூட்டல். பலர் எல்லாவற்றையும் கூட்டலாகப் போட்டுவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் கறைக்குள் இருக்கும் எழுத்து, உண்மைத் தாளில் இருப்பதுபோல் இருக்காது.

இதில் தூசி வரிதான் நம் கதைக்கு உயிர்நாடி. ஒரு துண்டில் ஏறத்தாழ 20 இடத்தில் தூசி விழும். அதன் அகலம் 1 முதல் 5 பிக்சல். வேண்டுமென்றே அதை மெய்ப்புள்ளியின் அளவுவரை போக விட்டிருக்கிறது. ஒரு பிக்சல் தூசி மட்டும் போட்டுப் பழக்கினால் "ஒற்றைப் பிக்சல் என்றால் தூசி, பெரிதாக இருந்தால் மை" என்ற சோம்பேறிச் சட்டத்தை நெட்வொர்க் கற்றுக்கொள்ளும். பயிற்சியில் அருமையாகத் தெரியும். உண்மையான பக்கத்தில் மூன்று பிக்சல் தூசியைப் புள்ளி என்று நம்பி விட்டுவைக்கும்.

அழுக்குப் படத்தை முன்கூட்டியே செய்து சேமித்துவைக்காமல், ஒவ்வொரு தடவையும் புதிதாகப் போடுவது நல்லது. ஒரே துண்டு இருமுறை வந்தாலும் அழுக்கு ஒரே மாதிரி இருக்காது. மனப்பாடம் செய்ய முடியாது.

## ஒரு புள்ளியின் வழக்கு

இப்போது அந்தப் "பல் வலி"யையே எடுத்துப் பார்ப்போம். பழைய வைத்திய நூல் ஒன்றின் ஸ்கேனில் அந்தச் சொல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ல-வின் தலைமேல் மூன்று பிக்சல் அகலத்தில் மங்கலாக ஏதோ ஒன்று. தேய்ந்த புள்ளியாகவும் இருக்கலாம், சரியாக அந்த இடத்தில் விழுந்த தூசியாகவும் இருக்கலாம்.

பயிற்சியின்போது இதே தோற்றத்தில் வந்த இடங்களில் பத்துக்கு ஏழில் உண்மையில் புள்ளி இருந்தது, மூன்றில் இல்லை என்போம். அப்போது நெட்வொர்க் என்ன வரையும்? கறுப்பாக, அதாவது 0 என்று வரைந்தால், பத்துக்கு மூன்று முறை முழுத் தவறு. சராசரி இழப்பு 0.3. வெள்ளையாக, 1 என்று விட்டால் இழப்பு 0.7. சாம்பலாக 0.3 என்று வரைந்தால்? ஏழு முறை 0.09, மூன்று முறை 0.49. சராசரி 0.21. இதுதான் மிகக் குறைவு. அதனால் நெட்வொர்க் 0.3 அளவுள்ள ஒரு சாம்பல் புள்ளியை வைக்கும்.

பலர் "ஏன் மங்கலாக வருகிறது, மாடல் சரியில்லை" என்று சலித்துக்கொள்ளும் இடம் இது. மாடல் சரியாகத்தான் வேலை செய்கிறது. வர்க்க இழப்பைக் குறைக்கச் சொன்னோம். அப்படிச் சொன்னால் கிடைப்பது சாத்தியங்களின் சராசரி. வர்க்கத்துக்குப் பதிலாக வேறுபாட்டின் நேரளவையே இழப்பாக வைத்தால், பாதிக்கு மேல் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைத் தீர்மானமாக வரையும். பத்துக்கு ஏழு என்றால் நல்ல கறுப்புப் புள்ளி. பார்க்க அழகு. மீதி மூன்று இடத்திலும் அதே அழகோடு தப்பாக இருக்கும்.

கூர்மையான தவறு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு வேறு துறையில் ஓர் உதாரணம் இருக்கிறது. 2013-இல் டேவிட் கிரீசெல் என்ற ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் ஸ்கேன் கருவிகள் எண்களையே மாற்றிவிடுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். 6 இருந்த இடத்தில் 8 வந்தது. அது ஆட்டோஎன்கோடர் இல்லை. ஒரே மாதிரி இருக்கும் எழுத்துகளுக்கு ஒரே படத்தைப் பயன்படுத்தும் சுருக்க முறை. ஆனால் எண்கள் மங்காமல் பளிச்சென்று இருந்ததால்தான் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 256-க்கு 256 துண்டில் 65,536 பிக்சல். அதில் எட்டு மெய்ப்புள்ளி இருந்தாலும், ஒவ்வொன்றும் 25 பிக்சல் என்று வைத்தால், மொத்தம் 200. ஆயிரத்தில் மூன்று பங்கு. எட்டையும் அழித்துவிட்டாலும் இழப்பு என்ற எண் பெரிதாக அசையாது. பயிற்சியின் தொடக்கத்தில் நெட்வொர்க்குகள் பெரிய கோடுகளை ஒழுங்காக வரைந்து, புள்ளிகளை மொத்தமாக விழுங்குவது இதனால்தான். சிறிய தனித் துண்டுகளாக நிற்கும் மைக்கு, இழப்பில் ஐந்து மடங்கோ பத்து மடங்கோ கூடுதல் கணக்கு வைப்பது ஒரு மருந்து. அளவு மீறினால் தூசியையும் புள்ளி என்று காப்பாற்ற ஆரம்பிக்கும். இதற்குத் துல்லியமான எண் கிடையாது. உங்கள் பக்கங்களை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

சுருக்கமாக, சந்தேகம் இருக்கும் இடத்தில் நெட்வொர்க் சராசரியைத் தருகிறது; சின்னப் பொருள்களைப் பற்றி அதற்கு இயல்பாக அக்கறை குறைவு. இரண்டும் இழப்பைக் கணக்கிடும் விதத்திலிருந்து வருபவை.

## காட்டாததை அது அறியாது

செயற்கை இரைச்சலில் பழகிய நெட்வொர்க், பயிற்சியில் இல்லாத அழுக்கைக் கண்டால் என்ன செய்யும்? இரண்டில் ஒன்று. அதை மை என்று எண்ணி விட்டுவைக்கும், அல்லது அரைகுறையாகத் துடைத்துப் பக்கத்திலுள்ள எழுத்தையும் கெடுக்கும். மேலே உள்ள நிரலில் பூச்சி அரித்த ஓட்டை இல்லை, மடிப்புக் கோடு இல்லை, நூலக முத்திரை இல்லை. ஆகவே முத்திரை குத்திய பக்கத்தில் அந்த முத்திரையின் வளையத்தை எழுத்தின் பகுதிபோல் நடத்தும்.

சுத்தமான பக்கத்திலும் இதே தொல்லை உண்டு. இதைப் பெரும்பாலோர் யோசிப்பதில்லை. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, ளை, னை எல்லாம் யானைத் துதிக்கைபோல் வளைந்த கொம்போடு இருக்கும். ணா, றா, னா மூன்றும் கூட்டுருவாக இருக்கும். இன்றைய யூனிகோட் எழுத்துருக்களில் பெரும்பாலானவை புதிய வடிவத்தைத்தான் காட்டும். அவற்றை மட்டும் வைத்துப் பழக்கிய நெட்வொர்க் 1950-இன் நூலில் துதிக்கையைப் பார்த்தால், தான் அறிந்த எந்த எழுத்திலும் இல்லாத கோடு அது. கொஞ்சம் மங்கலாகவும் இருந்துவிட்டால், கறை என்று நினைத்துத் தேய்க்கும். பழைய வடிவம் கொண்ட எழுத்துருவையும் பயிற்சியில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் நல்ல நிலையில் உள்ள பழைய பக்கங்கள் சிலவற்றை உயர் தெளிவில் ஸ்கேன் செய்து, ஓட்சு முறையில் வெளுத்து, கையால் சரிபார்த்துச் சேர்க்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் பலன் தெரியும்.

இந்தத் துறையில் நுழைபவர்கள் பலர் தொடங்குவது 2015-இல் காகிள் தளம் நடத்திய அழுக்கு ஆவணப் போட்டியின் படங்களோடு. காபிக் கறை, கசங்கல், மடிப்பு எல்லாம் உள்ள 144 பயிற்சிப் படங்கள். கற்றுக்கொள்ள நல்லவை. ஆனால் ஒரு சில ஆங்கிலப் பத்திகளே வெவ்வேறு எழுத்துருக்களிலும் கறைகளிலும் திரும்பத் திரும்ப வருகின்றன. படங்களைக் குலுக்கிப் பயிற்சிக்குப் பாதி, சோதனைக்குப் பாதி என்று பிரித்தால், சோதனையில் வரும் பக்கத்தை நெட்வொர்க் வேறு கறையோடு ஏற்கெனவே பார்த்திருக்கும். மதிப்பெண் பிரமாதமாக வரும். அந்த மாடலை எடுத்துத் தமிழ்ப் பக்கத்தில் ஓட்டினால்தான் சாயம் வெளுக்கும். பத்தி வாரியாகவும் எழுத்துரு வாரியாகவும் பிரிப்பதே முறை.

## எப்படிச் சோதிப்பது

இழப்பு எண்ணை மட்டும் நம்பிப் பயனில்லை என்பதை மேலே பார்த்தோம். அதற்குப் பதில் முதலில் செய்ய வேண்டியது கழித்தல் படம். உள்ளே போன படத்திலிருந்து வெளியே வந்த படத்தைக் கழித்துப் பாருங்கள். நெட்வொர்க் எதையெல்லாம் எடுத்துப் போட்டது என்று தெரியும். அதில் மஞ்சளும் நிழலும் தூசியும் மட்டும் இருந்தால் நல்லது. எழுத்தின் வடிவமோ, வரிசையாக எழுத்துகளின் தலை உயரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகளோ தெரிந்தால், மையைத் தின்றிருக்கிறது. ஒரு நிமிட வேலை, இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்து, இரண்டு ஓரச் சோதனைகள். அழுக்கே இல்லாத பக்கத்தைக் கொடுத்தால் அது அப்படியே வர வேண்டும். எழுத்து மெலிந்தால் தேவைக்கு மேல் துடைக்கிறது. எழுத்தே இல்லாத அழுக்குத் தாளைக் கொடுத்தால் வெள்ளைத் தாள் வர வேண்டும்; கறைக்குள்ளிருந்து எழுத்துத் துணுக்குகள் முளைத்தால், இல்லாததைக் கற்பனை செய்கிறது. இரண்டாவதுதான் மோசம்.

ஓசிஆர், அதாவது படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு உரையாக மாற்றும் நிரல், கையில் இருந்தால் துடைப்பதற்கு முன்னும் பின்னும் ஓட்டி, கையால் தட்டச்சு செய்த உரையோடு ஒப்பிடலாம். டெசராக்ட் என்ற ஓசிஆர் நிரலில் தமிழுக்கு `tam` என்ற மொழிக்கோப்பு இருக்கிறது. மொத்தப் பிழை எண்ணிக்கையோடு நின்றுவிடாமல், புள்ளி தவறிய இடங்களையும், புள்ளி புதிதாக முளைத்த இடங்களையும் தனியாக எண்ணுங்கள். மொத்தப் பிழை பாதியாகக் குறைந்து, முளைத்த புள்ளிகள் மட்டும் கூடியிருக்கும் நிலை வரலாம். நெட்வொர்க்கின் பார்வை அகலம் பக்கத்து எழுத்துவரை எட்டினால், ட-வுக்கு அடுத்து ட வந்தால் முதல் ட-வில் பெரும்பாலும் புள்ளி இருக்கும் என்பதுபோன்ற பழக்கங்களையும் அது கற்றுக்கொண்டுவிடும். சாதாரணச் சொல்லில் அது உதவி. சுருக்கப் பெயர்களிலும் பழம்பாடல்களிலும் அதுவே தொல்லை.

வெளியே வந்த படத்தை உடனே கறுப்பு வெள்ளையாக மாற்றிவிட வேண்டாம். மாற்றினால் 0.3 இருந்த புள்ளி முழுக் கறுப்பாகிவிடும், 0.6 இருந்தது காணாமல் போகும். நெட்வொர்க்குக்குச் சந்தேகம் இருந்தது என்ற தடயமே மிஞ்சாது. சாம்பல் படத்தையே வைத்துக்கொண்டு, தனியாக நிற்கும் சிறு துண்டுகளில் ஒரு பிக்சல்கூட நல்ல கறுப்பாக இல்லாதவற்றை நிரலால் பொறுக்கி எடுங்கள். எழுத்தோரங்களிலும் சாம்பல் இருக்கும், ஆனால் அவை கறுப்பான எழுத்தோடு ஒட்டியிருப்பதால் இதில் சிக்காது. சிக்குபவை எல்லாம் "பல் வலி" மாதிரியான வழக்குகள். அவற்றை மட்டும் மூல ஸ்கேனோடு பக்கத்தில் வைத்து ஒருவர் கண்ணால் பார்த்தால் போதும். முழுப் பக்கத்தையும் வரி வரியாக ஒப்பிட வேண்டியதில்லை. மூல ஸ்கேனை அழிக்காமல் வைத்திருந்தால்தான் இது நடக்கும்.